சிங்கப்பூரில் டெங்கு, திருச்சியில் க்ளெய்ம்

"அப்பாவுக்கு 63 வயசு. மார்ச் 2 அன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனார். 6ஆம் தேதி ராத்திரி காய்ச்சல். டெங்கு என்று சொல்லி 9 முதல் 13 வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தங்கச்சி கார்டில்தான் பணம் கட்டினாள், ஏறக்குறைய 7,000 சிங்கப்பூர் வெள்ளி. அப்பா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். பயணக் காப்பீடு இங்கே எடுத்தது. இப்போது ஊருக்கு வந்தாச்சு. ஒரு பை நிறைய பில்லும் ரிப்போர்ட்டும் இருக்கு. க்ளெய்ம் கடிதம் எப்படி எழுதணும்?"

கடிதத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் அந்தப் பையைக் கவிழ்த்துப் போட வேண்டும். சென்னையில் ஒரு க்ளெய்ம் அலுவலகத்தில் பல வருடம் இந்த மாதிரிப் பைகளைப் பிரித்துப் படித்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் கடிதத்தில் தேடுவது மூன்று விஷயங்களைத்தான். நோய் பயணம் தொடங்கிய பிறகு வந்ததா? கேட்கிற பணம் அந்த நோய்க்காகவே செலவழிந்ததா? பழைய நோய் எதற்கும் இதில் பங்கு உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் எந்தத் தாளில் இருக்கிறது என்று கை காட்டிவிடுவதுதான் கடிதத்தின் வேலை. அப்பா பட்ட கஷ்டம், நாம் அலைந்த அலைச்சல் எல்லாம் உண்மைதான், ஆனால் அவற்றுக்கு அங்கே கட்டம் கிடையாது.

ஆகவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். மார்ச் 2 சிங்கப்பூர் இறங்கியது. 6 இரவு முதல் காய்ச்சல். 7 அன்று பக்கத்து கிளினிக்கில் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 9 அன்று அவசரப் பிரிவு, அங்கிருந்து வார்டு. 13 வீடு திரும்பியது. 17 மறுபரிசோதனை. ஊர் திரும்பிய நாள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில், அதைச் சொல்லும் தாள் எது என்று எழுதுங்கள். எதிரில் தாள் இல்லாத தேதிதான் உங்கள் பலவீனமான இடம். உங்கள் விஷயத்தில் அது மார்ச் 6. காய்ச்சல் அன்றைக்கு வந்தது என்பது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதைத் தாளில் ஏற்றியது மறுநாள் பார்த்த கிளினிக் டாக்டர். அதனால் அந்தக் கிளினிக்கின் சீட்டு, தொகை சின்னதாக இருந்தாலும், உங்கள் பையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த காகிதம். அங்கே பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால், தங்கையைவிட்டு அன்றைய மருத்துவக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், பயணக் காப்பீட்டில் க்ளெய்ம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் தொகையில் அல்ல, நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதிய ஒற்றை வரியில். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் வழக்கப்படி அதைச் சுருக்கி எழுதுவார்கள். 3/7 என்றால் மூன்று நாள். 1/52 என்றால் ஒரு வாரம். 2/12 என்றால் இரண்டு மாதம். கீழே இருக்கும் எண் வாரத்துக்கு 7 நாள், வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம் என்ற கணக்கு. இது தெரியாதவர் 3/7 என்பதைத் தேதி என்று படித்துவிடுவார். தெரிந்தவர் படித்தாலும் வேறு ஆபத்து இருக்கிறது. என் மேசைக்கு ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவரின் நிமோனியா க்ளெய்ம் வந்தது. சிங்கப்பூர் போய்ப் பத்தாவது நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். அவசரப் பிரிவுக் குறிப்பில் இருமல் 2/52 என்று இருந்தது. இரண்டு வாரம் என்றால் இருமல் ஊரிலேயே தொடங்கிவிட்டது என்று ஆகிறதல்லவா? கோப்பு நின்றுவிட்டது. நடந்தது என்னவென்றால், நர்ஸ் கேட்டபோது பாட்டி, "ரெண்டு வாரமாவே உடம்பு ஒரு மாதிரிதான்" என்று சொல்லியிருக்கிறார். புது ஊர், தூக்கமில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அதைத்தான் சொன்னார். அது இருமலின் கணக்கில் ஏறிவிட்டது. மூன்று நாள் முன்னால் பார்த்த கிளினிக்கின் சீட்டில் இருமல் 2/7, அதாவது இரண்டு நாள் என்று இருந்ததால்தான் அந்தக் கோப்பு மறுபடி நகர்ந்தது. அதற்குள் நாலு மாதம் போய்விட்டது.

உங்கள் அப்பா 9ஆம் தேதி சேர்ந்திருக்கிறார். அன்று 3/7 என்று இருந்தால் 6ஆம் தேதியோடு பொருந்தும். 1/52 என்று இருந்தால் அது மார்ச் 2-க்குப் போகிறது, விமானம் ஏறிய நாள்! எனவே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து அந்த வரியை இன்றைக்கே பாருங்கள். தவறாக இருந்தால் கிளினிக் சீட்டின் நகலோடு, பார்த்த டாக்டரிடம் திருத்தக் குறிப்பு கேட்கலாம். பழையதை அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. "முன்பு இப்படிப் பதிவானது, கிளினிக் குறிப்பின்படி காய்ச்சல் மார்ச் 6 அன்று தொடங்கியது" என்று கூடுதலாக ஒரு குறிப்பு தருவார்கள். தர மறுக்கவும் செய்யலாம். அப்போது முரண்பாட்டை நீங்களே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள், அப்போது மற்ற உண்மைகள் மேலும் சந்தேகம் வரும். நிஜமாகவே காய்ச்சல் திருச்சியில் தொடங்கியிருந்தால் அது வேறு விஷயம். அதற்குக் கடிதத்தில் வைத்தியம் கிடையாது.

டெங்குவில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். மார்ச் 2 இறங்கி 6 இரவு காய்ச்சல் என்றால், கடித்தது சிங்கப்பூர்க் கொசுவா திருச்சிக் கொசுவா என்று யாராலும் சாதிக்க முடியாது. நீங்களும் சாதிக்கப் போகாதீர்கள். நான் பார்த்த பல பாலிசிகளில் அறிகுறி முதலில் தெரிந்த நாளைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் நோய் 'தொற்றிய' நாள் என்று அர்த்தம் வருகிற வாசகமும் இருக்கிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் 'நோய்' என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தைப் படித்துவிட்டு, அதே வார்த்தையைக் கடிதத்தில் பயன்படுத்துங்கள். அறிகுறி என்று இருந்தால் அறிகுறி. கொசு பற்றிப் பேச்சே வேண்டாம்.

அடுத்து பி.பி. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹைப்பர்டென்ஷன் உள்ளவர்' என்ற வரி கட்டாயம் இருக்கும். அதை மறைத்து எழுதுவதுதான் பலர் செய்கிற தப்பு. பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் பி.பி. இருப்பதைச் சொன்னீர்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை வைத்து ஒரே வரியில் முடித்துவிடலாம். சொல்லவில்லை என்றால் கொஞ்சம் சிக்கல்தான். டெங்குவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காரண சம்பந்தம் இல்லை என்பது மருத்துவ ரீதியாக வலுவான வாதம். ஆனால் கம்பெனி, நோய் சம்பந்தப்பட்டதா என்ற கேள்விக்கே போகாமல், தகவலை மறைத்தீர்கள் என்ற பாதையில் வரலாம். அது எந்தப் பக்கம் முடியும் என்று வெளியிலிருந்து யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருடைய வழக்கமான பி.பி. மாத்திரையும் பில்லில் ஏறியிருக்கும். அந்தச் சில வெள்ளிகளை நீங்களே கழித்துவிட்டுக் கேளுங்கள். படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வர அது போதும்.

இனி பில்கள். ஒவ்வொரு செலவுக்கும் மூன்று தாள் வேண்டும்: எதற்காகச் செய்தார்கள் என்று சொல்லும் மருத்துவத் தாள், எவ்வளவு என்று சொல்லும் பில், கட்டியாகிவிட்டது என்று சொல்லும் ரசீது. மூன்றையும் ஒரே எண் போட்டுப் பின் செய்யுங்கள். உதாரணத்துக்குச் சில தொகைகளை நானே போட்டுக்கொள்கிறேன். முதல் கிளினிக் வருகை 92 வெள்ளி, அதற்கு 1அ டாக்டர் குறிப்பு, 1ஆ பில், 1இ ரசீது. மறுநாள் அதே கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை 138 வெள்ளி, எண் 2. இங்கே 2அ என்பது பரிசோதனை முடிவு. டெங்கு இருப்பதைக் காட்டும் என்.எஸ்.1 பாசிட்டிவ் என்பதும் பிளேட்லெட் எண்ணிக்கையும் அதில் இருக்கும். எண் 3 ஆஸ்பத்திரி. எண் 4 மறுபரிசோதனை, 156 வெள்ளி.

அந்த மூன்றாவதில்தான் ஜாக்கிரதை தேவை. வெளிநாட்டவரைச் சேர்க்கும்போது டெபாசிட் வாங்குவார்கள், 5,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் உத்தேச பில் போட்டு 6,840 என்று சொல்லி, மீதி 1,840-ஐயும் கட்டச் சொல்லியிருப்பார்கள். இறுதி பில் பத்து நாள் கழித்து மின்னஞ்சலில் வரும், அதில் 6,612.40 என்று இருக்கும். 227.60 திரும்ப வரும். நீங்கள் கேட்க வேண்டியது 6,612.40. கையிலிருந்து போனது 6,840 என்று ரசீதைக் கூட்டிப் போட்டுவிட்டால், கூடுதலாகக் கேட்கிறீர்கள் என்ற பேச்சு வரும். டெபாசிட் ரசீது, மீதி ரசீது, திரும்ப வந்ததற்கான தாள் மூன்றையும் வைத்து, கணக்கை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அப்போது மொத்தம் 92 கூட்டல் 138 கூட்டல் 6,612.40 கூட்டல் 156, ஆக 6,998.40 வெள்ளி. டாக்ஸி, தங்கை லீவு போட்ட சம்பளம், பழச்சாறு எல்லாம் இதில் சேர்க்காதீர்கள். பாலிசியில் போக்குவரத்துக்குத் தனிப் பிரிவு இருந்தால் மட்டும் கேளுங்கள்.

தொகையை வெள்ளியிலேயே கேளுங்கள், ரூபாயாக மாற்ற வேண்டாம். எந்த நாளின் மாற்று விகிதம் என்று பாலிசியிலேயே இருக்கும், அவர்கள் அதன்படி போட்டு இந்திய ரூபாயில்தான் தருவார்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் மாற்றுக் கட்டணம் பொதுவாகக் கிடைக்காது. அதோடு ஒவ்வொரு நோய்க்கும் முதல் ஒரு தொகையை, பல பாலிசிகளில் 100 அமெரிக்க டாலர், நாமே ஏற்க வேண்டும். அதைக் கழிப்பது அவர்கள் வேலை, நீங்கள் கழித்து எழுதினால் இரண்டு தடவை கழிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. சின்ன ரசீதுகள் வெப்பத் தாளில் அச்சானவை, சில மாதத்தில் வெளுத்துவிடும். முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள்.

பணம் தங்கை கார்டில் கட்டியது ஒரு பிரச்சினையே இல்லை, சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை. தங்கையிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: தந்தைக்காக இந்தத் தொகைகளை என் கார்டில் கட்டினேன், என் நிறுவனக் காப்பீட்டிலோ வேறு எங்குமோ இதைக் கேட்கவில்லை, தொகையைத் தந்தையின் கணக்கில் செலுத்துவதில் ஆட்சேபணை இல்லை. கூடவே அவர் கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிகள் மட்டும் தெரியும் பக்கம். அப்பாவின் வங்கிக் கணக்குக்குப் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை, பான் அட்டை நகல், இவை வழக்கமானவை.

பாஸ்போர்ட்டில் ஒரு குழப்பம் வரும். படிவத்தில் நுழைவு, வெளியேற்ற முத்திரை உள்ள பக்கங்களைக் கேட்பார்கள். சிங்கப்பூரில் இப்போது வருகிறவர்களுக்கு மை முத்திரை குத்துவதில்லை, மின்னஞ்சலில் ஒரு மின் நுழைவுச் சீட்டுதான் வரும். முத்திரை இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பிய எழுத்தர்கள் உண்டு. அந்த மின்னஞ்சலின் அச்சு, இரண்டு போர்டிங் பாஸ், திருச்சியில் குத்திய புறப்பாடு, வருகை முத்திரைகள் இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து, சிங்கப்பூரில் முத்திரை கிடையாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பாலிசியில் இருக்கும் உதவி எண்ணுக்குப் போன் செய்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. செய்திருந்தால் அவர்கள் தந்த குறிப்பு எண்ணைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே போடுங்கள். செய்யவில்லை என்றால் இன்றைக்கே தகவல் கொடுத்து எண் வாங்குங்கள், தாமதத்துக்கு நிஜக் காரணத்தை எழுதுங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அது உங்களுக்குத் துணை. ஆனால் உதவி எண் இருந்தும் கூப்பிடாததற்குத் தொகையைக் குறைக்கலாம் என்று சில பாலிசிகளில் நிபந்தனை இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு கடிதம் அரை மணி வேலை. அங்கே வேலை ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கிலத்தில் அனுப்புங்கள். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, பாலிசி எண் (…), பாஸ்போர்ட் எண் (…), தகவல் பதிவு எண் (…). நான் மார்ச் 2 அன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்றேன். மார்ச் 6 இரவு முதன்முறையாகக் காய்ச்சல் ஏற்பட்டது. மார்ச் 7 கிளினிக்கில் காட்டினேன் (இணைப்பு 1அ). மார்ச் 8 பரிசோதனையில் டெங்கு உறுதியானது (2அ). பிளேட்லெட் குறைந்ததால் மார்ச் 9 மருத்துவமனையில் சேர்ந்து 13 அன்று வீடு திரும்பினேன் (3அ). மார்ச் 17 மறுபரிசோதனை செய்துகொண்டேன் (4அ). எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, தினமும் மாத்திரை உண்கிறேன், இது விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது (5). இந்தச் சிகிச்சை டெங்குவுக்கு மட்டுமே. ரத்த அழுத்த மாத்திரைக்கான தொகையை நான் கோரவில்லை. மொத்தச் செலவு 6,998.40 சிங்கப்பூர் வெள்ளி, அதிலிருந்து மேற்படி மாத்திரைக்கு (…) வெள்ளி கழித்துக் கோரும் தொகை (…) வெள்ளி. விவரம் இணைப்புப் பட்டியலில். பணம் என் மகளின் கார்டில் செலுத்தப்பட்டது, அவருடைய உறுதிமொழி இணைப்பு 6. வேறு எந்தக் காப்பீட்டிலும் இதைக் கோரவில்லை. இறுதி பில் மின்னணு வடிவில் மட்டுமே வழங்கப்பட்டது, தாளில் அசல் இல்லை."

கீழே அப்பாவின் கையெழுத்து, தேதி, தொலைபேசி எண். பாலிசிதாரர் அவர்தான், எனவே கடிதம் 'நான்' என்றே இருக்கட்டும், நீங்கள் 'என் தந்தை' என்று எழுத வேண்டாம். விண்ணப்பத்தில் பி.பி. சொல்லப்படவில்லை என்றால் அந்த வரியை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள், "உண்டு, தினமும் மாத்திரை உண்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். பொய் ஒரு வரி புகுந்தாலும் மற்ற எல்லாவற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். கடிதத்துக்குப் பின்னால் எண், தேதி, யார் கொடுத்த தாள், தொகை என்று ஒரு பக்கப் பட்டியல், அதன் பின்னால் அந்த எண் வரிசையில் தாள்கள். அசலை அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொண்டு, கூரியர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அனுப்பியபின் கூடுதல் தாள் கேட்டுக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், அது நிராகரிப்பு அல்ல. கேட்டதற்கு மட்டும், அவர்கள் போட்ட வரிசை எண்படி பதில் தாருங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், எந்தப் பாலிசி நிபந்தனை என்ற எண்ணோடு கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கே பதில் திருப்தியில்லை அல்லது ஒரு மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றால், சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரை கேட்பார்கள், ஆனால் நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேயும் அவர்கள் கேட்கப் போவது இதே தேதி வரிசையைத்தான்.

கடைசியாக ஒன்று, இதை நாளைக்கே தொடங்குங்கள். க்ளெய்ம் படிவத்தில் சிகிச்சை தந்த டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளில் அதையும் விரிவான மருத்துவ அறிக்கையையும் மருத்துவப் பதிவுப் பிரிவில் தனியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, சில வாரம் காத்திருந்துதான் வாங்க முடியும். நோயாளி நேரில் இல்லாததால் அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் தங்கையிடம் இருக்க வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை காத்திருந்து கெடுவைத் தவறவிடாமல், கையில் இருப்பதை அனுப்பிவிட்டு, "மருத்துவர் பகுதிக்கு விண்ணப்பித்துள்ளோம், விண்ணப்ப ரசீது இணைப்பு 7, வந்ததும் அனுப்புகிறேன்" என்று கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.